இரண்டு விகிதங்களிலும் காணாத பத்துக் கோடி

“கடந்த ஆண்டு 0.59 ஆக இருந்த கடன்-பங்கு விகிதம் இந்த ஆண்டு 0.53 ஆகக் குறைந்துள்ளது. நடப்பு விகிதம் 1.40 என்ற வசதியான நிலையில் இருக்கிறது.”

பட்டியலிடப்பட்ட கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையைப் பிரித்தால், முன்பகுதியில் நிர்வாகம் எழுதும் அலசலில் இப்படி ஒரு வரி கட்டாயம் கண்ணில் படும். படித்தவுடன் ஒரு நிம்மதி வரும். கடன் குறைந்திருக்கிறது, கையில் போதுமான பணம் புழங்குகிறது என்று மனம் முடிவுகட்டிவிடும். பெரும்பாலானோர் அத்தோடு அறிக்கையை மூடிவைத்துவிடுவார்கள்.

அதே அறிக்கையில் பல பக்கங்கள் தள்ளிப் போனால் பேலன்ஸ் ஷீட் இருக்கும். அந்த இரண்டு விகிதங்களையும் நாமே போட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் கிடைக்கும். இரண்டு கூட்டல், இரண்டு வகுத்தல். செல்போன் கால்குலேட்டர் போதும்.

அந்தப் பத்து நிமிட வேலையை ஏன் செய்ய வேண்டும்? பேலன்ஸ் ஷீட்டும் அதன் பின்னால் வரும் குறிப்புகளும் ஆடிட்டர் தணிக்கை செய்தவை. முன்பகுதி அலசல் அப்படி அல்ல. தணிக்கை செய்த கணக்கோடு அது பெரிதாக முரண்படுகிறதா என்று ஆடிட்டர் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது தணிக்கைத் தரவிதி. ஆனால் அந்தப் பகுதிக்கு அவர் சான்று தருவதில்லை. அதை எழுதுவது நிர்வாகம். தனக்குச் சாதகமான விளக்கத்தைத் தேர்ந்துகொள்ள அதற்கு அங்கே இடம் உண்டு.

எண்களை எடுத்து வைப்போம்

விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு நூற்பாலையின் பேலன்ஸ் ஷீட் இது. கம்பெனி கற்பனை, ஆனால் இதன் அமைப்பும் இதில் வரும் சிக்கலும் ஆண்டறிக்கைகளில் பார்க்கக்கூடியவைதான். எண்கள் கோடி ரூபாயில், மார்ச் 31 நிலவரப்படி.

| | இந்த ஆண்டு | சென்ற ஆண்டு |
|---|---|---|
| இயந்திரம், கட்டடம் முதலிய நீண்டகாலச் சொத்துகள் | 102.4 | 89.4 |
| சரக்கு, வரவேண்டிய பாக்கி, ரொக்கம் முதலிய நடப்புச் சொத்துகள் | 93.6 | 80.6 |
| மொத்தச் சொத்து | 196.0 | 170.0 |
| பங்கு மூலதனமும் ரிசர்வும் | 72.0 | 68.0 |
| நீண்டகாலக் கடன் | 38.0 | 40.0 |
| குத்தகைப் பொறுப்பு, ஒத்திவைத்த வரி | 9.0 | 10.0 |
| குறுகியகாலக் கடன் | 44.0 | 20.0 |
| சப்ளையர் பாக்கியும் மற்ற நடப்புப் பொறுப்புகளும் | 33.0 | 32.0 |
| மொத்தம் | 196.0 | 170.0 |

நடப்பு விகிதம் என்பது ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்துகளை, ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டிய பொறுப்புகளால் வகுப்பது. நடப்புச் சொத்து 93.6. நடப்புப் பொறுப்பு என்பது குறுகியகாலக் கடன் 44, மற்றவை 33, ஆக 77. வகுத்தால் 1.22 வருகிறது.

கடன்-பங்கு விகிதம் என்பது மொத்தக் கடனைப் பங்குதாரர்களின் பணத்தால் வகுப்பது. நீண்டகாலக் கடன் 38, குறுகியகாலக் கடன் 44, ஆக 82. பங்குதாரர் பணம் 72. வகுத்தால் 1.14.

நிர்வாகம் சொன்னது 1.40, 0.53. நமக்கு வந்தது 1.22, 1.14. முதல் விகிதத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டாவதில் நம் எண் அவர்கள் எண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

பின்னோக்கிப் போட்டால் காரணம் தெரியும்

எண் ஒத்துப்போகாவிட்டால் உடனே ‘பொய்க்கணக்கு’ என்று சொல்லிவிடக் கூடாது. வகுத்தலில் யாரும் தப்பு செய்வதில்லை; மேலே எதை வைத்தார்கள், கீழே எதை வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, அவர்கள் சொன்ன விகிதத்தை வைத்துக்கொண்டே பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கடன்-பங்கு விகிதம். 0.53-ஐ 72-ஆல் பெருக்கினால் சுமார் 38. பேலன்ஸ் ஷீட்டில் 38 எங்கே இருக்கிறது? நீண்டகாலக் கடன் என்ற வரியில். ஆக, நிர்வாகம் நீண்டகாலக் கடனை மட்டும் கடன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 44 கோடி குறுகியகாலக் கடன் அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை.

அடுத்து நடப்பு விகிதம். 93.6-ஐ 1.40-ஆல் வகுத்தால் சுமார் 67. நாம் எடுத்த நடப்புப் பொறுப்பு 77. இடையில் பத்துக் கோடி குறைகிறது. இப்போது ‘குறுகியகாலக் கடன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு எண்ணைப் பார்த்து அந்தக் குறிப்புக்குப் போக வேண்டும். அங்கே 44 கோடி இரண்டாகப் பிரிந்திருக்கும். வங்கியில் எடுத்த கேஷ் கிரெடிட் 34 கோடி. நீண்டகாலக் கடனில் வரும் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணைகள் 10 கோடி. தேடிய பத்துக் கோடி இதுதான்.

இந்தத் தவணைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இயந்திரம் வாங்க ஏழு வருஷத்துக்குக் கடன் எடுத்தால், ஒவ்வொரு மார்ச் 31-லும் அந்தக் கடன் இரண்டாகப் பிளக்கும். அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய பகுதி நடப்புப் பொறுப்புக்கு நகரும். மிச்சம் நீண்டகாலத்திலேயே இருக்கும். பிறப்பால் நீண்டகாலக் கடன், இருப்பிடத்தால் குறுகியகாலக் கடன்.

நிர்வாகத்தின் கணக்கில் நடந்தது இதுதான். நடப்பு விகிதம் போடும்போது, ‘இது இயந்திரக் கடனின் தவணை, அன்றாட வியாபாரத்தின் பொறுப்பு அல்ல’ என்று பத்துக் கோடியை வெளியே எடுத்துவிட்டார்கள். கடன்-பங்கு விகிதம் போடும்போது, ‘இது நடப்புப் பொறுப்பில் இருக்கிறது, நீண்டகாலக் கடன் அல்ல’ என்று அதே பத்துக் கோடியை மறுபடியும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

தனித்தனியாகக் கேட்டால் இரண்டு வாதத்துக்கும் ஆள் உண்டு. நடைமுறை மூலதனக் கடன் கொடுக்கும்போது தவணையை விலக்கிவிட்டு நடப்பு விகிதத்தைப் பார்க்கும் பழக்கம் வங்கி வட்டாரத்தில் இருக்கிறது. கடன்-பங்கு விகிதத்தை நீண்டகாலக் கடனுக்கு மட்டும் போடுவது பாடப்புத்தகங்களிலேயே உள்ள முறை. ஆனால் ஒரே அறிக்கையில் இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடியாது. நீண்டகாலக் கடன் என்று சொன்னால் கடன்-பங்கு விகிதத்தில் அது வர வேண்டும். அப்போது 48-ஐ 72-ஆல் வகுத்து 0.67 என்று போட வேண்டும். நடப்புப் பொறுப்பு என்று சொன்னால் நடப்பு விகிதத்தில் வர வேண்டும், அப்போது 1.22. இரண்டு இடத்திலும் வராமல் போவதற்கு எந்த முறையிலும் இடமில்லை.

சிறிய வித்தியாசம், பெரிய விளைவு

1.40-க்கும் 1.22-க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பாடப்புத்தகத்தில் நடப்பு விகிதம் 2 இருக்க வேண்டும் என்று படித்திருப்போம். இந்திய வங்கிகளின் மேசையில் நெடுங்காலமாகப் புழங்கும் எண் 1.33. ரிசர்வ் வங்கி 1974-ல் அமைத்த டாண்டன் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது அது. நடப்புச் சொத்துகளில் கால் பங்கையாவது கம்பெனி தன் நீண்டகாலப் பணத்தில் போட வேண்டும் என்றது குழுவின் இரண்டாவது முறை. நூறு ரூபாய் சொத்துக்கு 75 ரூபாய்தான் நடப்புப் பொறுப்பு. நூறை 75-ஆல் வகுத்தால் 1.33.

நம் நூற்பாலை நிர்வாகத்தின் கணக்குப்படி இந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. பேலன்ஸ் ஷீட் கணக்குப்படி கீழே நிற்கிறது. விலக்கப்பட்ட பத்துக் கோடி என்ன செய்தது என்பது இங்கே விளங்கும்.

சென்ற ஆண்டையும் இதே முறையில் போட்டுப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். சென்ற ஆண்டு மொத்தக் கடன் 40-ம் 20-ம் சேர்ந்து 60, பங்குதாரர் பணம் 68, விகிதம் 0.88. இந்த ஆண்டு 1.14. நிர்வாகம் ‘குறைந்துள்ளது’ என்று எழுதிய விகிதம், மொத்தக் கடனை வைத்துப் பார்த்தால் 29 சதவீதம் ஏறியிருக்கிறது.

இந்தச் சதவீதத்துக்குச் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையை மத்திய அரசு 2021 மார்ச் 24-ல் திருத்தியது. அந்த ஏப்ரல் முதல், கணக்குக் குறிப்புகளில் 11 விகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே எதை வைத்தோம், கீழே எதை வைத்தோம் என்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் தங்கள் அலசல் பகுதியிலும் 25 சதவீதமோ அதற்கு மேலோ மாறிய முக்கிய விகிதங்களுக்கு விளக்கம் தர வேண்டும் என்று செபியின் விதி தனியாகச் சொல்கிறது. நடப்பு விகிதமும் கடன்-பங்கு விகிதமும் இரண்டு பட்டியலிலும் உண்டு.

நீண்டகாலக் கடனை மட்டும் வைத்தால் மாற்றம் 10 சதவீத இறக்கம், விளக்கம் தேவையில்லை. மொத்தக் கடனை வைத்தால் 29 சதவீத ஏற்றம். விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கடன் என்று சொல்வது என்ற தேர்விலேயே அந்தக் கடமை மறைந்துபோகிறது. எனவே அலசலில் வரும் எண்ணை, குறிப்புகளில் ‘விகிதங்கள்’ என்ற தலைப்பில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். சில அறிக்கைகளில் இந்த இரண்டுமே ஒத்துப்போகாது.

நிர்வாகம் சொல்லாத செய்தி

விகிதங்களைச் சரிபார்ப்பதன் உண்மையான பயன், தப்பைப் பிடிப்பதில் மட்டும் இல்லை. சரியான எண் கிடைத்த பிறகு, அது ஏன் அப்படி மாறியது என்று கேட்க முடிகிறது.

நம் நூற்பாலையில் நடப்புச் சொத்திலிருந்து நடப்புப் பொறுப்பைக் கழித்தால் சென்ற ஆண்டு 28.6 கோடி, இந்த ஆண்டு 16.6 கோடி. பன்னிரண்டு கோடி குறைந்திருக்கிறது. எங்கே போனது? இயந்திரம் முதலிய நீண்டகாலச் சொத்து 13 கோடி கூடியிருக்கிறது. அதற்கு ஈடாக நீண்டகாலப் பணம் எவ்வளவு வந்தது? பங்குதாரர் பணம் 4 கோடி கூடியது. நீண்டகாலக் கடனும் மற்றவையும் 3 கோடி குறைந்தன. நிகரமாக ஒரு கோடி. மீதி 12 கோடி குறுகியகாலப் பணத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு 14 கோடியாக இருந்த கேஷ் கிரெடிட் இந்த ஆண்டு 34 கோடி ஆனதில் ஒரு பகுதிக்கு இதுவே விடை.

பஞ்சு வாங்கவும் நூலை இருப்பு வைக்கவும் கொடுத்த பணம் இயந்திரத்தில் உறைந்துவிட்டது என்று இதைப் படிக்க வேண்டும். கேஷ் கிரெடிட் என்பது வங்கி கேட்டவுடன் திருப்ப வேண்டிய கடன்; வழக்கமாக ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. இயந்திரமோ பல ஆண்டுகளில்தான் தன் விலையைச் சம்பாதித்துத் தரும். நூல் விலை சரிந்து வங்கி வரம்பைக் குறைத்தால் இந்த ஆலைக்கு மூச்சுத் திணறும். ‘கடன் குறைந்துள்ளது’ என்ற வரியை நம்பியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இங்கே ஆலைக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பஞ்சு சீசன் அக்டோபரில் தொடங்கும். ஆலைகள் சில மாதங்களுக்கான பஞ்சை வாங்கி அடுக்குவதால், மார்ச் கடைசியில் சரக்கும் கேஷ் கிரெடிட்டும் உயர்ந்து நிற்பது இயல்பு. செப்டம்பர் நிலவரம் வேறாக இருக்கும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் அரையாண்டு முடிவோடு பேலன்ஸ் ஷீட்டையும் வெளியிடுகின்றன. அதிலும் இதே கணக்கைப் போட்டால், உயர்வு சீசனால் வந்ததா, நிலையாக நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கணக்குப் போடும்போது கால் இடறும் இடங்கள்

முதல் இடம், எந்த பேலன்ஸ் ஷீட் என்பது. துணை நிறுவனங்கள் உள்ள கம்பெனியின் அறிக்கையில் இரண்டு இருக்கும்: கம்பெனியின் தனிக்கணக்கு ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு இன்னொன்று. கடன் துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் தனிக்கணக்கு அழகாகத் தெரியும். அலசலில் உள்ள எண் எதிலிருந்து வந்தது என்று பார்த்து, அதே கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பழைய அறிக்கைகள். மேலே சொன்ன 2021 திருத்தத்துக்கு முன்பு, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை ‘குறுகியகாலக் கடன்’ வரியில் இருக்காது. நடப்புப் பொறுப்புகளின் கீழே ‘மற்ற’ என்று தொடங்கும் வரிக்குள் மற்ற பாக்கிகளோடு கலந்து கிடக்கும். ஐந்தாறு வருட விகிதத்தை வரிசையாகப் போடுகிறவர்கள் இதைத் தேடி எடுக்காவிட்டால், திருத்தம் வந்த ஆண்டில் கடன் திடீரென்று ஏறியதுபோல் ஒரு பொய்த்தோற்றம் வரும்.

மூன்றாவது, குத்தகைப் பொறுப்பு. பெரிய கம்பெனிகளுக்கான இப்போதைய கணக்கியல் விதிப்படி, பல ஆண்டு வாடகை ஒப்பந்தங்கள் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாக ஏறுகின்றன. இதைக் கடனில் சேர்ப்போரும் உண்டு, சேர்க்காதோரும் உண்டு. நம் ஆலையில் நீண்டகாலத்தில் 4 கோடி, நடப்பில் 1 கோடி என்று 5 கோடி இருக்கிறது, சேர்த்தால் 1.14 என்பது 1.21 ஆகும். வாடகைக் கடைகளை நம்பி நடக்கும் சில்லறை விற்பனைக் கம்பெனிகளில் இந்த ஒரு தேர்வே விகிதத்தைத் தலைகீழாக மாற்றிவிடும். எதைச் செய்தாலும் இரண்டு ஆண்டுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

நான்காவது, கீழே வைக்கும் எண். ரிசர்வில் நிலத்தின் மதிப்பை உயர்த்திக் காட்டியதால் வந்த தொகை இருக்கலாம். அது கம்பெனி சம்பாதித்த பணம் அல்ல. நிகர மதிப்பைச் சொல்லும்போது கம்பெனிகள் சட்டமே அந்த வகை ரிசர்வை விலக்கிவிடுகிறது. நம் ஆலையின் 72 கோடியில் 15 கோடி அப்படி வந்தது என்றால், 82-ஐ 57-ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 1.44 ஆகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் இந்தச் சரிபார்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. சரக்கு 48 கோடி என்று எழுதியிருந்தால், குடோனில் அவ்வளவு இருக்கிறதா என்று விகிதம் சொல்லாது. வரவேண்டிய பாக்கி உண்மையில் வருமா என்றும் சொல்லாது. பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்ற வயதுப் பட்டியல் குறிப்புகளில் இருக்கும். நடப்பு விகிதம் நன்றாக இருக்கும் கம்பெனியிலும் அதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மூன்று வருஷப் பாக்கியும் நேற்று விற்ற சரக்கின் பாக்கியும் நடப்புச் சொத்தில் ஒரே மரியாதையோடுதான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த முறை ஆண்டறிக்கை வந்ததும், அலசலில் சொன்ன இரண்டு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேலன்ஸ் ஷீட்டிலிருந்து நீங்களே போட்ட எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால், பின்னோக்கிப் போட்டு எந்த வரி விடுபட்டது என்று பாருங்கள். முக்கியமாக, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை இரண்டு விகிதங்களில் ஒன்றிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கம்பெனி செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். முகவரி அறிக்கையிலேயே இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கேட்கலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பங்குதாரர்தான்.